‘மன்னித்துவிட்டேன்’ என்று வேண்டி முடித்ததும் கோபம் வருகிறதே!

கேள்வி: எனக்கு 38 வயது. விவாகரத்து முடிந்து ஏழு மாதம் ஆகிறது. ஒன்பது வயது மகள் என்னோடு இருக்கிறாள். வார இறுதியில் அப்பாவிடம் போய் வருகிறாள். யார் மேலும் கசப்பை வைத்துக்கொண்டு புது வாழ்க்கையைத் தொடங்க எனக்கு மனமில்லை. அதனால் தினமும் படுக்கையில், “அவர் மேல் எனக்குக் கோபமில்லை. எல்லோரையும் மன்னித்துவிட்டேன். அவர் நினைப்பே வராமல் செய்துவிடு, கடவுளே” என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் வேண்டி முடித்ததும் கோபம்தான் கூடுகிறது. பல நாள் அழுகையில் முடிகிறது. எனக்கு வேண்டத் தெரியவில்லையா, இல்லை கடவுளிடமே பொய் சொல்கிறேனா? எப்படி வேண்டிக்கொள்வது என்று சொல்லித்தாருங்கள்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

நான் மனநல ஆலோசகர், மதகுரு இல்லை. எந்தக் கடவுளிடம், எந்த முறையில் வேண்டுவது என்பது உங்கள் விஷயம். ஆனால் விவாகரத்துக்குப் பிறகு என் எதிரே வந்து உட்கார்ந்த பெண்களில் பலர் தங்கள் வேண்டுதலையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். அவர்களோடு உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்த பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். உங்கள் மூன்று வரிகளில் மூன்று வெவ்வேறு சிக்கல்கள் இருக்கின்றன. எளிதானது கடைசி வரி, அதிலிருந்தே தொடங்கலாம்.

“அவர் நினைப்பே வராமல் செய்” என்பது மனத்துக்கு இடுகிற கட்டளை. மனம் அந்த மாதிரிக் கட்டளைக்குக் கட்டுப்படாது. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் ஒரு சோதனை செய்தார். கல்லூரி மாணவர்களிடம், “ஐந்து நிமிடத்துக்கு வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள், நினைப்பு வந்தால் மணியை அடியுங்கள்” என்றார். மணி திரும்பத் திரும்ப அடித்தது. அதைவிட முக்கியமானது அடுத்து நடந்தது. “இப்போது தாராளமாக நினைக்கலாம்” என்று விட்டபோது, முதலில் அடக்கி வைத்தவர்களுக்கு, ஆரம்பத்திலிருந்தே நினைக்க அனுமதி பெற்றவர்களைவிட அதிகமாகக் கரடி வந்தது. ஒன்று வருகிறதா என்று காவல் காக்க வேண்டுமென்றால் அதையே மனத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. நீங்கள் தினமும் தூங்கப் போகும் நேரத்தில் அந்தக் காவலைத் தொடங்கி வைக்கிறீர்கள்.

ஆகவே நினைப்பு வராமலிருக்க வேண்டாதீர்கள். வரும்போது என்ன செய்வது என்பதற்கு வேண்டுங்கள். “அவர் நினைப்பு வரும்போது அது வந்து போகட்டும், அதன் பின்னாலேயே நான் போகாமலிருக்கட்டும்.” இது நடக்கக்கூடிய வேண்டுதல். கூடவே, வேண்டுகிற இடத்தையும் மாற்றுங்கள். படுக்கையில் வேண்டாம். மாலையிலோ காலையிலோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்குள் முடித்துவிட்டு எழுந்து வேறு வேலைக்குப் போங்கள். படுத்தபடி வேண்டினால் வேண்டுதல் எங்கே முடிந்தது, அசைபோடுவது எங்கே தொடங்கியது என்று உங்களுக்கே தெரியாது.

அடுத்தது முதல் வரி, “கோபமில்லை.” பொய் சொல்கிறேனா என்று கேட்டிருக்கிறீர்கள். பொய் என்று சொல்ல மாட்டேன். ஆசையைத் தகவலாகச் சொல்கிறீர்கள். கோபமில்லாமல் இருக்க வேண்டும் என்பது ஆசை. அதை “இல்லை” என்று அறிவித்ததும், உள்ளே இருப்பது “நான் இருக்கிறேனே” என்று எழுந்து நிற்கிறது. பக்தியுள்ளவர்களுக்கு இது இன்னும் சங்கடம். கோபம் இருப்பதைச் சொன்னால் பாவம் என்று நினைத்து மூடி வைக்கிறார்கள். ஆனால் பழைய வேண்டுதல் மரபுகள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் துணிச்சலானவை. பைபிளில் உள்ள 150 சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல் வகையைச் சேர்ந்தவை. “எவ்வளவு காலம் என்னை மறந்திருப்பாய்” என்று கடவுளிடமே கேட்கிறவை. பெரும்பாலானவை முறையிட்டுவிட்டுக் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும். 88-ஆம் சங்கீதம் திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. அதையும் யாரும் வெட்டி எறியவில்லை, வேண்டுதலாகவே வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர்தான் இதைக் கவனிக்க வேண்டும் என்றில்லை. ஒரு வேண்டுதல் நல்லபடியாக முடியாமலும் வேண்டுதலாக இருக்கலாம். அழுகையில் முடிந்த உங்கள் இரவுகளும் அப்படித்தான்.

முறையிடுவதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பைச் சொல்லாதீர்கள், நடந்ததைச் சொல்லுங்கள். “அவர் என் வாழ்க்கையை நாசமாக்கிவிட்டார்” என்பது தீர்ப்பு. “பிரிய முடிவெடுத்ததை எனக்கு முன்னால் அவர் தன் அண்ணனிடம் சொன்னார். எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. அது வலிக்கிறது” என்பது நடந்தது. (உங்களுக்கு நடந்தது வேறாக இருக்கும், உதாரணத்துக்குச் சொல்கிறேன்.) தீர்ப்புக்கு முடிவே கிடையாது, தினமும் மேல்முறையீடு நடக்கும். நடந்த ஒன்றுக்கு அளவு உண்டு. ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சி, மூன்று வாக்கியம். போதும்.

முறையிடுவது கசப்பைக் கரைக்கிறதா, கெட்டியாக்குகிறதா என்று எப்படித் தெரியும்? ஒரு அடையாளம் இருக்கிறது. ஜேம்ஸ் பென்னபேக்கர் என்ற உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்களைத் தங்கள் பெரிய வலியைப் பற்றித் தினமும் 15 நிமிடம், நான்கு நாள் தொடர்ந்து எழுதச் சொன்னார். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனத்தது. அடுத்து வந்த மாதங்களில், மேலோட்டமான விஷயங்களை எழுதியவர்களைவிட அவர்கள் மருத்துவரிடம் போனது குறைந்தது. ஆக, அழுகை வந்தது என்பதை மட்டும் வைத்து வேண்டுதல் தோற்றுவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பின்னால் அவரும் சக ஆய்வாளர்களும் அப்படி எழுதப்பட்டவற்றில் வந்த சொற்களை எண்ணிப் பார்த்தார்கள். நாளாக ஆக “ஏனென்றால்”, “இப்போது புரிகிறது” போன்ற சொற்கள் கூடிக்கொண்டு போனவர்களுக்கு நன்மை அதிகமாக இருந்தது.

இதை நீங்களும் பார்க்கலாம். வேண்டுவதைத் தேதி போட்டு இரண்டு வரி எழுதி வையுங்கள். பத்தாவது நாளும் அதே வாக்கியம், அதே சொற்கள், அதே அழுகை என்றால் அது அசைபோடுவது. அன்றைக்கு முறையீட்டை விட்டுவிட்டுக் கோரிக்கையை மட்டும் சொல்லுங்கள். வாக்கியம் மெல்ல மாறிக்கொண்டு வந்தால், “அப்போதே எனக்குத் தெரிந்திருந்தது, கேட்கப் பயந்தேன்” என்பது போல் ஏதாவது புதிதாக வந்தால், அழுதாலும் பரவாயில்லை, தொடருங்கள்.

இனி நடு வரி. கடினமானது அதுதான்.

“மன்னித்துவிட்டேன்” என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். “மன்னித்தேன்” என்பதோடு ஒரு “விடு” சேர்ந்திருக்கிறது. “சாப்பிட்டுவிட்டேன்”, “பூட்டிவிட்டேன்” என்பது போல, வேலை முடிந்தது, இனி அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை என்று தமிழில் அதற்குப் பொருள். மன்னிப்பு அப்படி ஒரே மூச்சில் முடிகிற வேலை இல்லை. இந்தத் துறையில் பல ஆண்டு ஆய்வு செய்த எவரெட் வொர்திங்டன் அதை இரண்டாகப் பிரிக்கிறார். ஒன்று தீர்மானம்: இனி பழிவாங்க மாட்டேன், அவரை ஒரு மனிதராக நடத்துவேன் என்று முடிவெடுப்பது. இது ஒரு நாளில் எடுக்கக்கூடியது. இன்னொன்று உணர்வு: கோபமும் மனத்தாங்கலும் தேய்ந்து அந்த இடத்தில் கொஞ்சமாவது இரக்கம் வருவது. இது தன் வேகத்தில்தான் வரும், பல சமயம் பின்னாலும் போகும். நீங்கள் தீர்மானத்தை எடுத்திருக்கிறீர்கள், அது உண்மை. உணர்வு இன்னும் வந்து சேரவில்லை, அதுவும் உண்மை. வரியை மாற்றினால் இரண்டும் அடங்கும்: “மன்னிப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன். மனம் இன்னும் வந்து சேரவில்லை. வரும்வரை முடிவு நிற்கட்டும்.”

அப்புறம் “எல்லோரையும்” என்ற சொல். யார் அந்த எல்லோரும்? ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். என்னிடம் வந்தவர்கள் எழுதும்போது முன்னாள் கணவரின் பெயர் மேலே இருக்கும், ஆனால் அதிக நேரம் பிடிக்கும் பெயர் பெரும்பாலும் வேறாக இருக்கும். “பொறுத்துப் போ” என்று திரும்பத் திரும்பச் சொன்ன சொந்த அம்மா. இரண்டு பக்கமும் பேசிய தோழி. பட்டியலின் கடைசியில், சிலர் எழுதவே மறந்துவிடும் ஒரு பெயர்: தான். “இத்தனை வருஷம் ஏன் இருந்தேன்” என்பதும் “இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாமோ” என்பதும் ஒரே பெண்ணின் மனத்தில் ஒரே நாளில் வருகிற இரண்டு குற்றச்சாட்டுகள். மொத்தமாக மன்னித்தால் யாரையும் மன்னித்ததாக ஆவதில்லை. ஒருவர், அவர் செய்த ஒரு செயல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

யாரிலிருந்து தொடங்குவது? பௌத்த மரபில் எல்லா உயிர்களுக்கும் நன்மை வேண்டுகிற மைத்ரி தியானம் உண்டு. அதை விவரிக்கும் ஐந்தாம் நூற்றாண்டுப் பாலி நூலான விசுத்திமக்கம், பகையாளியிடமிருந்து தொடங்கவே கூடாது என்கிறது. முதலில் தனக்கு, பிறகு தான் மதிக்கும் ஒருவருக்கு, அப்படியே நகர்ந்து கடைசியில்தான் பகையாளிக்கு. அவரிடம் வந்து மனம் முரண்டு பிடித்தால் பின்வாங்கி முந்தையவரிடம் போய்விட்டுத் திரும்பி வரச் சொல்கிறது. என் அனுபவத்தில் நல்ல ஏற்பாடு அது. நீங்கள் முதல் வரியிலேயே மிகக் கனமானதைத் தூக்கப் பார்க்கிறீர்கள்.

வெளியில் யாருக்காவது வேண்டுவது கோபத்தைத் தணிக்கும் என்பதற்கு ஆதாரமும் இருக்கிறது. பிரெம்னர், கோலே, புஷ்மன் ஆகிய மூவர் 2011-இல் வெளியிட்ட சோதனைகளில் ஒன்றில், எழுதிய கட்டுரையைக் கடுமையாகத் திட்டிக் கோபப்படுத்தப்பட்ட மாணவர்கள், புற்றுநோயால் அவதிப்படும் ஒரு முகம் தெரியாதவருக்காக ஐந்து நிமிடம் வேண்டினார்கள். அவரைப் பற்றி வெறுமனே நினைத்தவர்களைவிட அவர்களுக்குக் கோபம் குறைந்தது. இந்தச் சோதனையில் திட்டியவருக்காக வேண்டச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வேறு ஒருவருக்காக வேண்டினாலே பிடி கொஞ்சம் தளர்கிறது.

இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நம் மொழியில் சாபத்தைக்கூட வேண்டுதல் மாதிரிச் சொல்ல முடியும். “அவருக்கு நல்ல புத்தி கொடு”, “எல்லாம் கடவுள் பார்த்துக்கொள்வார்”, “யார் பக்கம் நியாயம் என்று உனக்குத் தெரியும்” என்பவற்றைச் சொல்லும் தொனியிலேயே தெரிந்துவிடும். இவை கடவுள் வழியாக அவருக்கு அனுப்பும் கடிதங்கள். சோதித்துப் பார்க்க நான் சொல்வது: நீங்கள் வேண்டுவது தற்செயலாக அவர் காதில் விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். “நன்றாக விழட்டும்” என்று உள்ளே ஒரு திருப்தி வந்தால், அது அவருக்குச் சொன்னது.

என்னிடம் வந்த ஒருவரின் கதையைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. நாற்பதைத் தாண்டியவர், பிரிந்து ஒரு வருடம். அவர் வேண்டுதல் ஒரே வரி: “அவருக்கு நல்ல புத்தி கொடு.” “சரி, கடவுள் கொடுத்துவிட்டார். நாளைக் காலை அவர் என்ன செய்வார்?” என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. “என் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்பார்” என்றார். ஆக, அவர் வேண்டியது கணவரின் புத்தியை இல்லை, ஒரு மன்னிப்பை. அதை அப்படியே சொல்லச் சொன்னேன். அடுத்த வாரம் எழுதி வந்தது: “அவர் மன்னிப்புக் கேட்பார் என்று இன்னும் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்கே பிடிக்கவில்லை.” இந்த வரியை எழுதிய இரவு வெகுநேரம் அழுததாகச் சொன்னார். நான் கவலைப்படவில்லை, வாக்கியம் நகர்ந்திருந்தது. மூன்று வாரம் கழித்து: “இன்று ஒரு நாள் மட்டும் அந்தக் காத்திருப்பை இறக்கி வைக்கிறேன். நாளைக்குத் தெரியாது.” இரண்டாவது மாதம் அவருடைய முன்னாள் கணவர் மறுமணம் செய்துகொண்ட செய்தி வந்தது. வேண்டுதல் மறுபடி “நல்ல புத்தி”க்கே போய்விட்டது. ஒரு வாரம் அங்கேயே இருந்தது. பிறகு மூன்றாவது வரிக்குத் தானாகத் திரும்பினார், இந்த முறை “நாளைக்குத் தெரியாது” என்பதை மட்டும் எடுத்துவிட்டு. மன்னிப்பு கடைசிவரை வரவில்லை.

முன்னாள் கணவருக்காக வேண்டும்போது, உங்களால் மனமார விரும்ப முடிகிற மிகச் சிறிய நன்மையைக் கண்டுபிடியுங்கள். “அவர் சகல சௌபாக்கியத்தோடும் வாழட்டும்” என்பது ஏழாவது மாதத்தில் யாருக்கும் வாயில் நிற்காது. “மகள் அவரிடம் இருக்கும் இரண்டு நாளும் அவர் நிதானமாக இருக்கட்டும், நன்றாகத் தூங்கியிருக்கட்டும்” என்று சொல்லிப் பாருங்கள். இது உங்களுக்கும் உண்மையாகவே வேண்டியது. அதனால் மனம் எதிர்க்காது. ஒன்று மட்டும்: இதையெல்லாம் மகள் காதில் விழச் சொல்லாதீர்கள். “அப்பாவை மன்னித்துவிட்டேன்” என்று கேட்கும் குழந்தைக்கு, மன்னிக்க வேண்டிய அளவுக்கு அப்பா ஏதோ செய்திருக்கிறார் என்பதுதான் முதலில் புரியும்.

கசப்பில்லாமல் இருப்பதற்கும் உரிமையை விட்டுக்கொடுப்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். மன்னிப்பது வேறு, சமரசமாவது வேறு, நடந்தது சரி என்று ஒப்புக்கொள்வது வேறு. மகளுக்குச் சேர வேண்டிய பணத்தைக் கேட்பதோ, அவள் போய்வரும் நேரத்தை எழுத்தில் வாங்குவதோ உங்கள் வேண்டுதலைப் பொய்யாக்காது. அந்தத் திருமணத்தில் அடி, மிரட்டல் ஏதாவது இருந்திருந்தால், இப்போதும் இருந்தால், அவருக்காக வேண்டுகிற பகுதியை முழுவதும் தள்ளி வையுங்கள். பயம் இருக்கும்போது வருகிற இரக்கம் பல சமயம் திரும்பிப் போகத்தான் வழி காட்டும். அங்கே பாதுகாப்பு முதலில்.

இன்னொன்று. இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து தூக்கமோ பசியோ இல்லை, எதிலும் ஈடுபாடு இல்லை என்றால், மருத்துவரையோ ஆலோசகரையோ நேரில் பாருங்கள். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். வேண்டுவதை நிறுத்த வேண்டியதில்லை. அதோடு இதுவும் வேண்டும்.

நீங்கள் கேட்ட வேண்டுதலுக்கு ஒரு வரைவு தருகிறேன். சொற்களை உங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

“கடவுளே, இன்று நான் இப்படித்தான் இருக்கிறேன், எதையும் மறைக்கவில்லை.
இன்று வலித்தது இது: …
அதற்காகக் கோபம் இருக்கிறது. அதை உன் முன்னால் வைக்கிறேன். வேறு யார் மேலும் அதை இறக்க மாட்டேன்.
தெரியாமல் செய்ததற்கும், தெரிந்தே பயந்து செய்யாமல் விட்டதற்கும் என்னை நானே திட்டுவதை இன்றைக்கு நிறுத்துகிறேன்.
என்னைத் தாங்கியவர்கள் நன்றாக இருக்கட்டும். என்னைப் புரிந்துகொள்ளாதவர்களும் அவர்கள் பாட்டில் நன்றாக இருக்கட்டும்.
என் மகளின் அப்பா அவளோடு இருக்கும் நேரத்தில் நிதானமாக இருக்கட்டும்.
அவரை மன்னிப்பது என்று முடிவெடுத்திருக்கிறேன். மனம் வந்து சேரும்வரை அந்த முடிவு நிற்கட்டும்.
அவர் நினைப்பு வந்தால் வந்து போகட்டும். அதன் பின்னாலேயே நான் போகாமலிருக்கட்டும்.
நாளைக்கு எனக்கு வேண்டியது இது ஒன்று: …”

முதல் வெற்றிடத்தில் அன்றைய நிகழ்ச்சி, மூன்று வாக்கியத்துக்குள். ஒன்றும் வலிக்காத நாளில் அதையும் அடுத்த வரியையும் தாண்டிப் போங்கள், தேடிப் பிடித்து நிரப்ப வேண்டாம். கடைசி வெற்றிடத்தில் “புது வாழ்க்கை கொடு” என்று எழுதாதீர்கள், அது கைக்கு அடங்காது. மகள் கிளம்பிப் போன பிறகு வீடு அமைதியாகிவிடும் அந்த முதல் ஒரு மணி நேரத்தைக் கடப்பது, நிரப்ப வேண்டிய படிவத்தில் ‘மணநிலை’ என்ற கட்டத்தைக் கை நடுங்காமல் நிரப்புவது, இந்த அளவில் கேளுங்கள். மறுநாள் அது நடந்ததா இல்லையா என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும்.

அப்பா பற்றிய வரி எந்த நாளாவது வாயில் வரவில்லையென்றால், அன்றைக்கு அதை விட்டுவிட்டு அதற்கு முந்தைய வரியோடு நிறுத்துங்கள். மறுநாள் அங்கிருந்து தொடரலாம்.